வாக்கியத்தில் இருக்கும் டேட்டா டிக்‌ஷனரியை அட்டவணையாக மாற்றுவது எப்படி?

பெங்களூரு அல்சூரில் தமிழர்கள் சிலர் சேர்ந்து பல ஆண்டுகளாக நடத்திவரும் ஒரு சேமிப்புச் சங்கத்துக்கு, உறுப்பினர் பதிவேட்டை எக்செல் கோப்பிலிருந்து ஒரு டேட்டாபேஸுக்கு மாற்றித் தரும் வேலையை ஒப்புக்கொண்டேன். என்னென்ன விவரங்களை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஓய்வுபெற்ற கணக்கரான அதன் செயலாளர் ஒரு முழுநீளத் தாளில் அழகான கையெழுத்தில் பதினோரு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தார். ஒரு பதிவேட்டில் எந்தெந்த விவரம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள், எந்த வடிவில் எழுதப்படும் என்பதைச் சொல்லும் இத்தகைய ஆவணத்தைத்தான் டேட்டா டிக்‌ஷனரி என்கிறோம். டேட்டாபேஸ் வாக்கியங்களைப் படிக்காது. அதற்கு வேண்டியது நெடுவரிசையின் பெயர், வகை, நீளம், விளக்கம் என்ற நான்கு தலைப்புகள் கொண்ட ஸ்கீமா அட்டவணை. அந்தத் தாளை இந்த அட்டவணையாக மாற்றிய விதத்தை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். (column என்ற ஆங்கிலச் சொல்லைக் ‘காலம்’ என்று எழுதினால் நேரத்தைச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது, அதனால் ‘நெடுவரிசை’ என்றே எழுதுகிறேன்.)

செயலாளர் எழுதியது இதுதான். வாக்கிய எண்களை மட்டும் நான் இட்டேன்.

> (1) ஒவ்வொரு உறுப்பினருக்கும் M என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து ஐந்து இலக்கங்களும் கொண்ட ஓர் எண் உண்டு; விலகியவரின் எண் வேறு யாருக்கும் தரப்படாது. (2) பெயரை வங்கிப் பாஸ்புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலத்திலும், வழக்கப்படி தமிழிலும் எழுத வேண்டும். (3) கைபேசி எண் பத்து இலக்கம். இன்னொரு எண் இருந்தால் அதையும் குறிக்கலாம். (4) முகவரியும் பின்கோடும் அவசியம். (5) ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம். (6) வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் வேண்டும். (7) சேர்ந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். (8) மாதச் சந்தா ரூபாயும் பைசாவுமாகக் குறிக்கப்படும். இப்போது 500 ரூபாய். (9) நடப்பில் இருப்பவர் N, நிறுத்தி வைக்கப்பட்டவர் S, விலகியவர் C. (10) வாரிசுதாரரின் பெயரும் உறவும் வேண்டும். ஒருவர் மூன்று பேர் வரை நியமிக்கலாம். (11) உறுப்பினர் சேர்ந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதும் தெரிய வேண்டும்.

இதைப் பார்த்தவுடன், பதினோரு வாக்கியங்கள் இருக்கின்றன, ஆகவே பதினோரு நெடுவரிசைகள் என்று எண்ணத் தோன்றும். முதல் வேலை அந்த எண்ணத்தை விடுவதுதான். வாக்கியம் என்பது எழுதுபவரின் மூச்சுக்கு ஏற்ப நீள்வது. நெடுவரிசை என்பது ஒரே ஒரு விவரத்தை மட்டும் தாங்குவது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக அமையும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே நான் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘பதிவேட்டில் தனியாக எழுதப்படும்’ சொற்களின் கீழே மட்டும் கோடிட்டேன். இரண்டாம் வாக்கியத்தில் இரண்டு கோடுகள் விழுந்தன, ஏனெனில் ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் தனித்தனி விவரங்கள். மூன்றில் இரண்டு, நான்கில் இரண்டு, ஆறில் இரண்டு. ‘உம்’ என்ற ஈறு வரும் இடங்களை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதே இதில் நான் கண்டது; தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட விவரங்கள் பெரும்பாலும் அந்த ‘உம்’மில்தான் ஒளிந்திருக்கும்.

கடைசி இரண்டு வாக்கியங்கள் வேறு வகையானவை. பத்தாவது வாக்கியம் ஓர் உறுப்பினருக்கு மூன்று வாரிசுதாரர்கள் வரை இருக்கலாம் என்கிறது. `nominee1`, `nominee2`, `nominee3` என்று மூன்று நெடுவரிசைகள் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். அப்படிச் செய்தால், பெயரும் உறவுமாக ஆறு நெடுவரிசைகள் சேரும். ஒரே வாரிசுதாரர் உள்ளவருக்கு அவற்றில் நான்கு வெறுமையாகக் கிடக்கும். ஒரு பெயர் யாருக்காவது வாரிசாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தேட மூன்று இடங்களில் தேட வேண்டும். சங்கம் நாளை நான்கு பேர் என்று விதியை மாற்றினால் அட்டவணையின் அமைப்பையே மாற்ற வேண்டும். ஒருவருக்குப் பல என்று வாக்கியம் சொன்னால், அது தன்னை இன்னோர் அட்டவணையில் வைக்கச் சொல்கிறது என்று பொருள். பதினோராவது வாக்கியமோ நெடுவரிசையே கேட்கவில்லை. சேர்ந்த தேதி இருந்தால் ஆண்டுக் கணக்கை எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதைத் தனியாக எழுதி வைத்தால் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஆண்டுதோறும் ஒரு நாளில் அது பொய்யாகிவிடும். அது அறிக்கையில் வர வேண்டிய விவரம். ஆகவே முதன்மை அட்டவணைக்குப் பதின்மூன்று நெடுவரிசைகள், வாரிசுதாரருக்கு ஒரு சிறு அட்டவணை என்று முடிவாயிற்று.

பெயரிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய ஆங்கில எழுத்துகள், சொற்களுக்கு இடையே அடிக்கோடு, `date` அல்லது `order` போல டேட்டாபேஸ் மொழியிலேயே ஏற்கெனவே இருக்கும் சொல்லைத் தனியாகப் பெயராக வைக்காதிருத்தல், இவ்வளவு போதும். `join_date` என்பது எந்தத் தேதி என்று சொல்கிறது. வெறும் `date` சொல்வதில்லை. பெயர் நெடுவரிசையில் மட்டும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. பெங்களூரு அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்த தமிழர் எல்லோரும் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கொண்ட படிவத்தின் முன்னால் ஒருமுறையாவது விழித்திருப்பார்கள். இனிஷியலை எதில் போடுவது, அப்பா பெயரை விரித்து எழுதுவதா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்பியிருப்பார்கள். செயலாளரின் வாக்கியம் ‘பாஸ்புத்தகத்தில் உள்ளபடி’ என்று தெளிவாகச் சொல்கிறது. எனவே பெயருக்கு ஒரே நெடுவரிசை. ஆவணம் பிரிக்கச் சொல்லாததை நாம் பிரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது வகை. இங்கே தொடக்கநிலையில் இருப்பவர்களை அதிகம் ஏமாற்றும் சொல் ‘எண்’. உறுப்பினர் எண், கைபேசி எண், கணக்கு எண், ஆதார் எண் என்று தாள் முழுக்க எண்கள். ஆனால் டேட்டாபேஸில் எண் வகை என்பது கணக்குப் போடுவதற்கான வகை. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: இரண்டு உறுப்பினர்களின் மதிப்புகளைக் கூட்டினால் வரும் விடைக்கு ஏதாவது பொருள் உண்டா? இரண்டு பேரின் சந்தாவைக் கூட்டினால் பொருள் உண்டு. இரண்டு கைபேசி எண்களைக் கூட்டினால் யாருக்கும் அழைப்பு போகாது. பொருள் இல்லையென்றால் அது எழுத்து வகை, அதில் இலக்கங்கள் மட்டுமே இருந்தாலும்.

இந்தச் சோதனையை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் தாளிலேயே மூன்று சான்றுகள் இருக்கின்றன. ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள் 0457 என்று இருப்பவருக்கு எண் வகையில் சேமித்தால் 457 என்றே மிஞ்சும். முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு எண்ணாக மதிப்பில்லை என்பதால் அது போய்விடும். கைபேசி எண்ணை, நான் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான MySQL-இன் `INT` என்ற முழு எண் வகையில் வைத்தால் சேமிக்கவே முடியாது, ஏனெனில் அந்த வகை தாங்கும் மிகப்பெரிய எண் 2147483647. நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குவதால் எல்லாமே அதைவிடப் பெரியவை. மூன்றாவதுதான் மிகவும் நஞ்சானது. எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும். பதினாறு இலக்கக் கணக்கு எண் தரும் வங்கிகள் உண்டு. செயலாளரின் பழைய கோப்பில் கணக்கு எண் நெடுவரிசை எண் வடிவில் இருந்தது. பதினாறு இலக்கம் உள்ள கணக்குகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன்; ஒன்று விடாமல் எல்லாமே 0-வில் முடிந்தன. இப்படி ஒரே இலக்கத்தில் எல்லாம் முடிந்தால் தரவு ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். அதை எந்தச் சூத்திரமும் மீட்டுத் தராது. பாஸ்புத்தக நகலைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை. அதைத்தான் செய்தோம்.

பின்கோடு மட்டும் சற்று விவாதத்துக்கு உரியது. அது ஒருபோதும் 0-வில் தொடங்குவதில்லை, ஆறு இலக்கம் `INT`-க்குள் அடங்கும், ஆகவே எண்ணாக வைத்தாலும் சேதம் ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுத்து வகையிலேயே வைத்தேன். அல்சூரின் 560008-ஐ எதனோடும் கூட்டப் போவதில்லை; 5600-இல் தொடங்குபவை எவை என்று தேடுவதுதான் நடக்கும், அது எழுத்து வகையில் இயல்பாக நடக்கும்.

எழுத்து வகையிலும் இரண்டு உண்டு. நீளம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் `CHAR`. ஒரு வரம்புக்குள் கூடிக் குறைந்தால் `VARCHAR`. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு எப்போதும் பதினோரு எழுத்துகள்: நான்கு ஆங்கில எழுத்துகள், ஐந்தாவதாக ஒரு பூஜ்யம், பிறகு கிளையைக் குறிக்கும் ஆறு எழுத்துகள் அல்லது இலக்கங்கள். அதற்கு `CHAR` பொருந்தும். கணக்கு எண் வங்கிக்கு வங்கி மாறுவதால் `VARCHAR`.

நீளத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாக்கியங்கள் பெரும்பாலும் வாய் திறக்காத இடம் அதுவே. உறுப்பினர் எண்ணுக்கு ‘M-உம் ஐந்து இலக்கமும்’ என்று தாள் சொல்வதால் கூட்டி ஆறு என்று எழுதிவிடலாம். (ஐந்து இலக்கம் என்று படித்துவிட்டு நீளம் 5 என்று எழுதுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை; M-ஐ எண்ண மறந்துவிடுகிறார்கள்.) பெயருக்கு எவ்வளவு? முகவரிக்கு எவ்வளவு? தாள் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் 255 என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது வேலை செய்யும், ஆனால் படிக்கிறவருக்கு அந்த 255 எதையும் சொல்வதில்லை. கணக்கு எண் கட்டத்தில் யாராவது ஒரு முழு முகவரியை ஒட்டினாலும் அது தடுக்காது. தாள் சொல்லாதபோது தரவிடம் கேட்பதே முறை. பழைய எக்செல் கோப்பை `members_old` என்ற தற்காலிக அட்டவணையில் எல்லா நெடுவரிசைகளையும் எழுத்து வகையாகவே ஏற்றிக்கொண்டு இப்படிக் கேட்டேன்:

```sql
SELECT MAX(CHAR_LENGTH(name_en)) AS max_name,
       MAX(CHAR_LENGTH(address)) AS max_addr
FROM members_old;
```

ஆங்கிலப் பெயரில் மிக நீளமானது 41 எழுத்துகள், முகவரியில் 163. அதே அளவை வைத்தால் அடுத்து வருபவரின் பெயர் 42 எழுத்தாக இருக்கும். ஆகவே பெயருக்கு 80, முகவரிக்கு 250 என்று இடைவெளி விட்டேன். இவ்வளவுதான் விட வேண்டும் என்று விதி ஏதுமில்லை. பெயருக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்பது என் பழக்கம்.

தமிழ்ப் பெயருக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? நாம் பள்ளியில் எண்ணியபடி கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி என்று எட்டு. டேட்டாபேஸ் அப்படி எண்ணுவதில்லை. யூனிகோடில் ‘கி’ என்பது ‘க’ ஒன்று, அதன் மேல் ஏறும் இகரக் குறி ஒன்று என இரண்டு; ‘ஷ்’ என்பதில் புள்ளியும் தனியாக ஒன்று. அவ்வாறு எண்ணினால் பதினைந்து. சேமிப்பில் அது பிடிக்கும் இடமோ இன்னும் அதிகம்: யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் என்பதால் நாற்பத்தைந்து. அதே பெயரை `KRISHNAMURTHY` என்று ஆங்கிலத்தில் எழுதினால் பதின்மூன்று எழுத்துகள், பதின்மூன்று பைட்டுகள், அவ்வளவே. சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதிக்கலாம்:

```sql
SELECT CHAR_LENGTH('கிருஷ்ணமூர்த்தி') AS chars,
       LENGTH('கிருஷ்ணமூர்த்தி')      AS bytes;
```

யூ.டி.எஃப்.-8-இன் முழு வடிவமான `utf8mb4` முறையில் இயங்கும் MySQL-இல் முதல் விடை 15, இரண்டாவது 45. ஆக ஒரே பெயருக்கு எட்டு, பதினைந்து, நாற்பத்தைந்து என்று மூன்று நீளங்கள். ஸ்கீமா அட்டவணையின் ‘நீளம்’ இவற்றில் எதைக் குறிக்கிறது என்பது டேட்டாபேஸைப் பொறுத்தது. MySQL, PostgreSQL ஆகியவற்றில் `VARCHAR(80)` என்றால் யூனிகோடு எழுத்துகள் எண்பது, அதாவது இங்கே பதினைந்து என்று எண்ணிய முறை. ஆரக்கிளில் `VARCHAR2(80)` என்றால், அமைப்பை மாற்றாத வரை, பைட்டுகள் எண்பது; தமிழில் அது இருபத்தாறு குறிகளுக்கு மேல் தாங்காது. இனிஷியலோடு ஒரு நீளமான பெயர் வந்தால் ஏற்காமல் பிழை காட்டிவிடும். இதில் சிக்கல் என்னவென்றால், ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிக்கும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. எனவே அட்டவணையின் தலைப்பிலேயே ‘நீளம் எழுத்துகளில், MySQL, utf8mb4’ என்று ஒரு வரி எழுதி வைத்தேன். அந்த வரி இல்லாத அட்டவணையைப் பெற்றால், தமிழோ கன்னடமோ எழுதப்படும் நெடுவரிசைகளைப் பற்றி முதலில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

எண் வகைகளில் ‘நீளம்’ என்ற சொல்லே வேறு பொருள் கொள்ளும். சந்தாவுக்கு நான் எழுதியது `DECIMAL`, நீளம் `8,2`. இதைப் புள்ளிக்கு முன் எட்டு, பின் இரண்டு என்று படிப்பது தவறு. மொத்த இலக்கங்கள் எட்டு, அவற்றில் இரண்டு புள்ளிக்குப் பின் என்பதே பொருள். ஆகவே புள்ளிக்கு முன் ஆறு, உச்ச அளவு 999999.99 ரூபாய். மாதச் சந்தாவுக்கு அது தாராளம். `FLOAT` வகையில் பணத்தை வைக்கக் கூடாது, ஏனெனில் அது தசமங்களை இரும எண்முறையில் தோராயமாகவே வைத்துக்கொள்கிறது. பைசாக்களைப் பலமுறை கூட்டும்போது அந்தத் தோராயம் வெளியே தெரிந்துவிடும், கணக்கர் ஒருவர் அதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். `INT` போன்ற முழு எண் வகைக்கு நீளமே எழுதத் தேவையில்லை. பழைய MySQL அட்டவணைகளில் `INT(11)` என்று பார்த்திருக்கலாம். அந்த 11 திரையில் காட்டும் அகலத்தைக் குறித்ததே தவிர, சேமிக்கும் அளவைக் குறித்ததல்ல. MySQL 8.0.17 முதல் அது கைவிடப்பட வேண்டிய வழக்கமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய இடங்களில் நீளக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிடுவேன். வெறுமையாக விட்டால் மறந்துவிட்டதா, தேவையில்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது.

தேதிக்கும் அதே சிறு கோடுதான். செயலாளர் ‘நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில்’ என்று எழுதியதைப் பார்த்து `VARCHAR(10)` என்று போடத் தோன்றும். அவர் சொன்னது எழுதிக் காட்டும் முறை. `DATE` வகை தேதியைத் தன் போக்கில் சேமித்துக்கொண்டு, கேட்கிற முறையில் காட்டும். எழுத்தாக வைத்தால் 02-01-2020 என்பது 15-06-2011-க்கு முன்னால் வந்து வரிசையில் நிற்கும். ஆனால் அவருடைய வாக்கியம் வீணில்லை, பழைய தரவைப் படிக்கும்போது அது தேவைப்படுகிறது. மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க அமைப்புள்ள கணினியில் அந்தக் கோப்பை யாரோ ஒருமுறை தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதில் 05-03-2014 மே மாதமாகிவிட்டது. 25-03-2014-இல் இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால், இடப்பக்கம் நிற்பவை எல்லாம் 12-க்கு மேற்பட்ட நாள்களாகவும் இருந்தால், வலப்பக்கம் நிற்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன என்று முடிவு செய்யலாம்.

கடைசித் தலைப்பான விளக்கத்தில் பலர் நெடுவரிசையின் பெயரையே தமிழில் திருப்பி எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். `status` என்பதற்கு ‘நிலை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. முதல் மூன்று தலைப்புகளில் அடங்காமல் வாக்கியத்தில் மிஞ்சியிருப்பது எதுவோ அது முழுவதும் இங்கே வந்து சேர வேண்டும்: கட்டாயமா இல்லையா, எந்தெந்த மதிப்புகள் செல்லும், எந்த அலகு, எதைச் செய்யக் கூடாது. ‘அவசியம்’, ‘வேண்டும்’ என்ற சொற்கள் கட்டாயத்தைச் சொல்கின்றன. ‘இருந்தால்’, ‘குறிக்கலாம்’ என்பவை வெறுமையாக விடலாம் என்கின்றன. ‘இப்போது 500 ரூபாய்’ என்பதில் அந்த ‘இப்போது’ முக்கியமான சொல். தொகை மாறும் என்று அது ஒப்புக்கொள்வதால் 500-ஐ நிலையான மதிப்பாக எங்கும் பதிக்கக் கூடாது.

இவ்வாறு கிடைத்த முதல் வரைவு இது; நீளம் எழுத்துகளில், MySQL, utf8mb4. கடைசியில் உள்ள ‘வா.’ என்பது செயலாளரின் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்பதற்கான எண்.

| நெடுவரிசை | வகை | நீளம் | விளக்கம் | வா. |
|---|---|---|---|---|
| `member_no` | `CHAR` | 6 | உறுப்பினர் எண். M-உம் ஐந்து இலக்கமும். ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவு. விலகியவரின் எண்ணை மீண்டும் வழங்கக் கூடாது. | 1 |
| `name_en` | `VARCHAR` | 80 | பாஸ்புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலப் பெயர். கட்டாயம். | 2 |
| `name_ta` | `VARCHAR` | 80 | வழக்கப்படி தமிழ்ப் பெயர். கட்டாயம். | 2 |
| `mobile` | `CHAR` | 10 | கைபேசி எண். கட்டாயம். | 3 |
| `mobile_alt` | `CHAR` | 10 | இன்னொரு கைபேசி எண். வெறுமையாக விடலாம். | 3 |
| `address` | `VARCHAR` | 250 | பின்கோடு நீங்கலான முகவரி. கட்டாயம். | 4 |
| `pincode` | `CHAR` | 6 | பின்கோடு. கட்டாயம். | 4 |
| `aadhaar_last4` | `CHAR` | 4 | ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள். முழு எண்ணை எழுதக் கூடாது. | 5 |
| `bank_acc_no` | `VARCHAR` | 18 | வங்கிக் கணக்கு எண், முன்னுள்ள பூஜ்யங்களுடன். கட்டாயம். | 6 |
| `ifsc` | `CHAR` | 11 | கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. ஐந்தாவது எழுத்து 0. கட்டாயம். | 6 |
| `join_date` | `DATE` | – | சேர்ந்த தேதி. பழைய கோப்பில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. | 7 |
| `monthly_amt` | `DECIMAL` | 8,2 | மாதச் சந்தா, ரூபாயில். தொகை மாறக்கூடியது. | 8 |
| `status` | `CHAR` | 1 | N நடப்பில், S நிறுத்திவைப்பு, C விலகல். வேறு மதிப்பு செல்லாது. | 9 |

வாரிசுதாரர் அட்டவணை சிறியது.

| நெடுவரிசை | வகை | நீளம் | விளக்கம் | வா. |
|---|---|---|---|---|
| `member_no` | `CHAR` | 6 | எந்த உறுப்பினருக்கு உரியவர் என்பது. | 10 |
| `seq_no` | `TINYINT` | – | 1, 2 அல்லது 3. `member_no` உடன் சேர்ந்து முதன்மைத் திறவு. | 10 |
| `nominee_name` | `VARCHAR` | 80 | வாரிசுதாரரின் பெயர். கட்டாயம். | 10 |
| `relation` | `VARCHAR` | 30 | உறவு. கட்டாயம். | 10 |

‘வா.’ என்ற ஐந்தாவது தலைப்பை யாரும் கேட்கவில்லை. சரிபார்த்து முடித்தபின் அதை நீக்கிவிடலாம். ஆனால் வேலை நடக்கும்போது அது இல்லாமல் என்னால் முடியாது. அட்டவணையிலிருந்து தாளுக்குப் போனால், எண் இல்லாத வரி ஏதாவது இருந்தால் அது நான் கற்பனையாகச் சேர்த்தது. தாளிலிருந்து அட்டவணைக்கு வந்தால், 1 முதல் 10 வரை எல்லா எண்களும் இருக்கின்றனவா, 11 ஏன் இல்லை என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறேனா என்று பார்க்கலாம். இந்தச் சுற்றில்தான், வாரிசுதாரரின் பெயர் தமிழிலா ஆங்கிலத்திலா என்று வாக்கியம் சொல்லவில்லை என்பதையும், ஆதாரைத் தர விரும்பாதவரைச் சேர்ப்பார்களா இல்லையா என்பது ஐந்தாம் வாக்கியத்தில் இல்லை என்பதையும் கவனித்தேன். அதனால்தான் மேலே `aadhaar_last4` வரியில் ‘கட்டாயம்’ என்றோ ‘வெறுமையாக விடலாம்’ என்றோ எழுதவில்லை. ஊகித்து நிரப்பினால் அந்த ஊகம் ஆவணத்தின் சொல்லாகிவிடும். கேள்விகளைத் தனித் தாளில் குறித்துக்கொண்டேன்.

மிஞ்சியது, வரைவைப் பழைய தரவோடு மோதவிட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு நெடுவரிசையிலும் அட்டவணை சொல்லும் நீளத்துக்கு அடங்காதவை எவை என்று கேட்டாலே போதும்:

```sql
SELECT member_no, mobile
FROM members_old
WHERE CHAR_LENGTH(mobile) <> 10;
```

சில வரிகளில் எண்ணுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தார்கள். அவற்றை நீக்கினால் பத்தாகிவிட்டது. இரண்டு வரிகள் மட்டும் 971-இல் தொடங்கிப் பன்னிரண்டு இலக்கமாக நின்றன. தட்டச்சுப் பிழை என்று அவற்றையும் வெட்டிவிடும் எண்ணம் எனக்கு ஒரு கணம் வந்தது உண்மை. கேள்வித் தாளில் அதையும் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளரைப் பார்க்கப் போனேன்.

“சார், கைபேசி எண் பத்து இலக்கம்னு எழுதியிருக்கீங்க. இந்த ரெண்டு பேருக்குப் பன்னிரண்டு இருக்கே?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். “அவங்க ரெண்டு பேரும் துபாய்ல மகன்கிட்ட போயிட்டாங்க, தம்பி. ஆனா சந்தா ஒரு மாசம்கூட நிக்கல. நான் எழுதினப்போ அவங்கள நினைக்கல.”

ஆகவே `mobile`, `mobile_alt` இரண்டும் `VARCHAR`, நீளம் 16 என்று மாறின. உலகத் தொலைபேசி எண்களுக்கான விதியின்படி நாட்டுக் குறியீட்டோடு சேர்த்துப் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் வராது. முன்னால் ஒரு கூட்டல் குறி சேர்த்தால் பதினாறு. விளக்கத்தில் ‘கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து, இடைவெளி இல்லாமல்’ என்று எழுதினேன். வாரிசுதாரரின் பெயர் ஆங்கிலத்தில் போதும் என்றார். ஆதாரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் வைத்து முடிவு சொல்வதாகச் சொன்னார். அந்த வரியின் விளக்கத்தில் ‘கட்டாயமா என்பது முடிவாகவில்லை’ என்று எழுதி, அது வரை அந்த நெடுவரிசையை வெறுமையாக விட அனுமதித்திருக்கிறேன்.